கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட்ட தேதியும் என் இடது காலும்

போன ஆவணியில் நாகர்கோவிலில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத் தேதியும் என் மாதத் தேதியும் ஒன்றாக வந்து நின்றன. தாய்மாமன் மனைவி நான், சீர்த்தட்டு தூக்க வேண்டியவள், மறுநாள் எல்லோரும் கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலுக்கு வேறு போகிறார்கள். அதனால் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் தேதி தள்ளிப்போகிற மாத்திரை கேட்டு வாங்கினேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று. தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே ஆரம்பித்து, கோயிலுக்குப் போய்வந்த சனிக்கிழமை வரை மொத்தம் பதினோரு நாள் போட்டேன். இதற்கு முன்பும் இரண்டு முறை போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அதனால் அது ஒரு மருந்து என்ற நினைப்பே எனக்கு இல்லை.

திரும்பி வந்தது ஞாயிறு சாயங்கால பஸ்ஸில். ஸ்லீப்பர் கிடைக்கவில்லை, கடைசி வரிசைக்கு முந்தின ஜன்னல் சீட். பக்கத்தில் என் மகள் தூங்கிவிட்டாள், காலுக்குக் கீழே பலகாரக் கூடை. வழியில் நிறுத்துகிற இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மணி காலை ஏழு, அங்கிருந்து பஸ் பிடித்து விமான நிலையம், அப்புறம் மெட்ரோவில் தண்டையார்பேட்டை. வீட்டுப் படி ஏறும்போது கணக்குப் பார்த்தால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே வந்திருக்கிறேன். பஸ்ஸில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தேதி வந்தது. வியாழக்கிழமை காலையில் இடது ஆடுசதையில் ஒரு பிடிப்பு. ராத்திரி தூக்கத்தில் நரம்பு இழுத்துக்கொண்டால் மறுநாள் ஒரு வலி மிச்சம் இருக்குமே, அதே மாதிரி. ஆனால் அந்த வலி மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். இது சாயங்காலம் அதிகமானது. தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு அடி வைக்க முடியவில்லை.

என் மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டு மாதிரி இருக்கு, மூசாம்பரம் பத்து போடலாம்" என்றார். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு பதறுகிறது, ஏனென்றால் அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் நாம் ரத்தக்கட்டு என்று சொல்வது அடிபட்ட இடத்தில் தோலுக்குக் கீழே கசிந்து கன்றிப்போகிற ரத்தம். அதற்குப் பற்று போடலாம், நாளாக ஆறிவிடும். எனக்கு வந்தது ரத்தக்குழாய்க்கு உள்ளேயே உறைந்து நிற்கிற கட்டி. இரண்டுக்கும் நம் வீட்டில் ஒரே பெயர், அதனால் கைவைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது. அன்று ராத்திரி அத்தை நல்லெண்ணெய் காய்ச்சி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பத்து நிமிஷம் நீவிவிட்டார். பாசத்தில் செய்தார். உறைந்த கட்டியின் ஒரு துண்டு அப்படி நீவும்போது உடைந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிளினிக். தசைப்பிடிப்பு என்று சொல்லி ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, சுற்றிக்கொள்ள கிரேப் பேண்டேஜ். ஊசியில் வலி குறைந்தது. பயணம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது கொலுசு. ஞாயிறு காலை குளிக்கும்போது இடது காலில் கொலுசு சதையைப் பிடித்துக்கொண்டு அச்சுப் பதிந்திருந்தது, வலது காலில் எப்போதும் போல் தொங்கியது. எதிர்வீட்டுப் பெண் நர்ஸ், நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அவளிடம் சொன்னதும் கேட்டாள்: "அக்கா, டெய்லரிங் டேப் இருக்குல்ல? முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் ஒரு எலும்பு மேடு இருக்கும், அதுலேர்ந்து பத்து சென்டிமீட்டர் கீழ இறங்கி சுத்தளவு எடுங்க. ரெண்டு காலும்."

வலது 34. இடது 37.5. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் முறை எடுத்தேன், அதேதான். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதை ஒரு முக்கியமான அறிகுறியாக எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் யோசிக்கிற காரணங்கள் வேறு, ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாகவும் இருந்தால் யோசிப்பது வேறு என்றாள். அப்புறம் மூச்சு வாங்குகிறதா, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துகிறதா, இருமலில் ரத்தம் வருகிறதா, தலைசுற்றி மயக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இதுல ஒண்ணு இருந்திருந்தாலும் 108-க்குப் போட்டிருப்பேன். இப்ப ஆட்டோ போதும், ஆனா இன்னைக்கே போகணும்." அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இனிமே இந்தக் கால யாரும் அமுக்கக் கூடாதுமா" என்றாள்.

ஸ்டான்லி கேஷுவாலிட்டியில் பார்த்தது ஓர் இளம் டாக்டரம்மா. கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தார், இடது காலில் பள்ளம் அப்படியே நின்றது. ஆடுசதையில் ரத்தக்குழாய் போகிற வழியாக அழுத்திக்கொண்டே வந்தார், எனக்குக் கண்ணில் தண்ணீர். பயணம் உண்டா என்றார், சொன்னேன். ஆபரேஷன், படுத்த படுக்கை, எலும்பு முறிவு, புற்றுநோய், வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார், எல்லாம் இல்லை. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றுதான் சொன்னேன். அவர் விடவில்லை. "கருத்தடை மாத்திரை? தேதி தள்ளிப்போட?"

நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் சொன்னேன்.

நான் போட்ட அளவில் அந்த மாத்திரையின் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, கருத்தடை மாத்திரையில் இருக்கிற அதே வகை. ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டும். ஆடுசதைதான் காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்பு, நடக்கும்போதுதான் அது வேலை செய்யும். மடக்கின காலோடு பதினைந்து மணி நேரம் அது சும்மா இருந்தால் ரத்தம் அங்கேயே தேங்கும். உறையத் தயாராக இருக்கிற ரத்தம், தேங்கவும் செய்தால் இப்படி ஆகலாம் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரை போடுகிற எல்லோருக்கும் இது வராது, பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் வராது, உங்களுக்கு இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தது என்றார். நான் திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் மறைத்தேன். அவர் திட்டவில்லை.

டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு என்று நர்ஸ் பெண் சொல்லியிருந்தாள், அதைக் கேட்டேன். சந்தேகம் குறைவாக இருக்கிறவர்களுக்கு அது நார்மல் என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் காய்ச்சல், காயம் என்று பல காரணத்துக்கும் அது ஏறும், அதனால் ஏறியிருப்பதை மட்டும் வைத்து உறைவு என்று சொல்ல முடியாது, உங்களுக்கோ சந்தேகமே அதிகம், நேராக ஸ்கேன்தான் என்றார்.

டாப்ளர் ஸ்கேனில் வலி ஒன்றும் இல்லை. ஜெல்லைத் தடவி, தொடை மடிப்பிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஒவ்வோர் இடத்திலும் அழுத்துகிறார்கள். நல்ல சிரை அழுத்தினால் ரப்பர் டியூப் மாதிரி தட்டையாகிவிடும், விட்டால் விரியும். தொடையில் அப்படியே தட்டையானது, திரையில் நானே பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் அழுத்தினார், தட்டையாகவில்லை. இன்னும் அழுத்தினார். அந்த வட்டம் அப்படியே நின்றது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள சிரையிலும் அதற்குக் கீழே ஆடுசதையிலும் உறைவு என்று ரிப்போர்ட்.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து, சிறுநீரகத்துக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை எடுத்துவிட்டு, அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். ரிவரோக்ஸபான் 15 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, 21 நாள். அதற்குப் பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை, மொத்தம் மூன்று மாதம். சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் மருந்து முழுசாக உடம்பில் சேராது. டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்தச் சொன்னார்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். படுத்தே கிடக்க வேண்டாம், வலி பொறுக்கிற அளவு நடக்கலாம் என்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த மாத்திரை கட்டியைக் கரைக்காது. மேலே வளராமல் தடுக்கும், கரைப்பது உடம்பின் வேலை. இதைப் புரிந்துகொள்ளாததால் முதல் பத்து நாள் தினமும் டேப் வைத்து அளந்து அழுதுகொண்டிருந்தேன். 37, திரும்ப 37.5, அப்புறம் 36.5.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று அடுத்த மாதத் தேதி. 20-க்கு மாறிய இரண்டாம் நாள் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பெரிய பேட் மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினார், உதிரப்போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து. போடுவதற்கு முன் எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டியது நல்லதாயிற்று. டாக்டரைக் கேட்காமல் இதையும் போடாதீர்கள், பயந்துபோய் உறைவு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்று ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். ஹீமோகுளோபின் 11-இலிருந்து 9.2-க்கு இறங்கியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, உறைவு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். மலம் கறுப்பாகப் போனால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால் காத்திருக்காமல் வரச் சொன்னார்கள். இரும்பு மாத்திரையிலும் மலம் கறுக்கும் என்பதால் தார் மாதிரி பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்று மாதம் முடிந்து மாத்திரையை நிறுத்தியாயிற்று. நோட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளும் தேதி தள்ளும் மாத்திரையும் கூடாது, ஆபரேஷனோ கர்ப்பமோ என்றால் முதலில் இதைக் காட்ட வேண்டும். இடது கால் இப்போது 34.8. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் கொஞ்சம் கனக்கிறது, அதனால் ஒரு பிளவுஸுக்கு ஒரு தடவை எழுந்து தெருமுனை வரை நடக்கிறேன்.

தை மாதம் நாத்தனார் வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. தேதி மறுபடியும் இடிக்கிறது. போனில் சொல்லிவிட்டேன்: ரயிலில் வருகிறேன், நடைபாதை ஓரத்து சீட்டில், தண்ணீர் பாட்டிலோடு. விலக்கானால் கூடத்தில் உட்கார்ந்து வளையல் எடுத்துக் கொடுக்கிறேன், மனையில் நிற்க வேறு யாரையாவது பாருங்கள் என்று. ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் அவள், "நீங்க வந்தா போதும் அண்ணி" என்றாள்.