அம்மணிக்கு எழுதிய மூன்று வாரத் திட்டம்

பிப்ரவரி 7, சனி

கோபியில் என்னிடம் டியூஷன் வரும் பிளஸ் டூ பெண் ஒருத்தி நேற்று வேதியியல் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் படிச்சுட்டேனுங்க சார், ஆனா கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குதுங்க" என்றாள். கை நடுங்கியது. அவளுக்கென்று எழுதியதை அவள் சம்மதத்தோடு இங்கேயும் போட்டு வைக்கிறேன், பெயர் மட்டும் இருக்காது.

அம்மணி, உன் நோட்டை ராத்திரி முழுசாகப் புரட்டினேன். அணைவு வேதியியல் பக்கங்களில் அழித்து அழித்து எழுதியிருக்கிறாய், ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய், அங்கே நீ யோசித்திருக்கிறாய் என்று தெரிகிறது. வேதிவினை வேகவியல் பக்கங்கள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன, ஒரு அடித்தல் கிடையாது, மூன்று நிறப் பேனா வேறு. போர்டில் இருந்ததை அப்படியே இறக்கியிருக்கிறாய். எனக்குக் கவலை தருவது அந்த அழகான பக்கங்கள்தான். மின் வேதியியலில் நடுவில் நான்கு பக்கம் வெறுமையாக இருக்கிறது, காய்ச்சலில் நீ பள்ளிக்குப் போகாத வாரம் அது.

திட்டத்தை இதிலிருந்துதான் போட்டேன். பாடங்கள் 15. நோட்டில் அழகாகவும் வெறுமையாகவும் இருக்கிற ஏழு பாடங்கள் முதல் வாரத்துக்கு, நாளுக்கு ஒன்று. மீதி எட்டு இரண்டாம் வாரத்துக்கு, அதில் புறப்பரப்பு வேதியியலும் அன்றாட வாழ்வில் வேதியியலும் ஒரே நாளில் முடியும். மூன்றாம் வாரம் முழு வினாத்தாள் மட்டும். தினமும் ஒன்றரை மணி நேரம் போதும், கணக்கும் இயற்பியலும் உனக்குக் காத்திருக்கின்றன.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று வேகவியல். எப்படிச் செய்வது என்று ஒருமுறை விவரமாக எழுதிவிடுகிறேன், அப்புறம் எல்லாப் பாடத்துக்கும் இதே வழிதான்.

நோட்டை ஒருமுறை வாசி, மூடு, வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுது. வரவில்லை என்றால் உடனே திறக்காதே, இரண்டு நிமிடம் மல்லுக்கட்டு. அப்புறம் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர். அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் கேள்விகளாக மாற்றித் தனி நோட்டில் எழுது.

கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உன் நோட்டில் "முதல் வகை வினைக்கு அரைவாழ் காலம் = 0.693/k" என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறாய். "அரைவாழ் காலம் என்றால் என்ன" என்று கேட்டால் வரியை ஒப்பித்துவிடுவாய், பயன் இல்லை. "99.9% முடிய ஆகும் நேரம் அரைவாழ் காலத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு என்று காட்டு" என்று கேள். இதை இன்று உன்னைப் போடச் சொன்னேன், நீ இப்படி எழுதினாய்:

```
t = (2.303/k) log(100/99.9)
```

99.9 என்பது முடிந்துபோன அளவு. சமன்பாட்டில் கீழே வருவது மீதி இருக்கிற செறிவு, அதாவது 0.1. அப்போது

```
t = (2.303/k) log(100/0.1)
  = (2.303/k) × 3
  = 6.909/k
6.909 ÷ 0.693 ≈ 10
```

தப்பு என்று நீயே எப்படிக் கண்டுபிடிப்பாய்? உன் முதல் வரியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.001/k வரும். பாதி முடியவே 0.693/k ஆகும்போது முக்கால்வாசிக்கு மேலும் முடிய அதைவிடக் குறைவான நேரம் எப்படி ஆகும்? விடையை அரைவாழ் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டால் இந்த வகைக் கணக்கில் பயமே வேண்டாம். இதையும் சிவப்பில் எழுதிக்கொள்.

பிப்ரவரி 9, திங்கள்

"நேத்துப் படிச்சதையே இன்னைக்கும் கேக்கறீங்களே" என்று சலித்துக்கொண்டாள். சரி, காரணம் சொல்கிறேன்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு மாணவர் குழுவை ஒரு பத்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவை வாசித்ததைப் பார்க்காமல் எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். உனக்கு நடப்பதும் இதுதான், ராத்திரி வாசித்து முடித்ததும் எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும், அந்த நினைப்பு உன்னை ஏமாற்றுகிறது.

அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று முறை திரும்பு: அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து. வேகவியலுக்கு இன்று, 11, 15 ஆகிய தேதிகள். திரும்பும்போது நோட்டு வேண்டாம், சிவப்புக் கேள்விகள் மட்டும், பதினைந்து நிமிடம். இரண்டு முறை தொடர்ந்து தடுமாறாமல் எழுதிய கேள்வியை அடித்துவிடு.

பிப்ரவரி 12, வியாழன்

கார்பனைல் சேர்மங்கள். இதில் அம்மணியின் நோட்டுக்கு ஒரு குறை இருக்கிறது: ஆல்டால் குறுக்கம் ஒரு பக்கத்தில், கன்னிசரோ வினை நான்கு பக்கம் தள்ளி. தனித்தனியாக இரண்டும் தெரியும். கலந்து கேட்டால் குழப்பம். எனவே இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வி எழுதவைத்தேன்: அசிட்டால்டிஹைடுக்கு ஆல்டால், பென்சால்டிஹைடுக்கு கன்னிசரோ, ஏன்?

α-ஹைட்ரஜன் இருக்கிறதா என்று முதலில் பார். அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, நீர்த்த NaOH அதைப் பறிக்கும், ஆல்டால் வரும். பென்சால்டிஹைடில் இல்லை, அடர் NaOH போட்டால் ஒரு மூலக்கூறு ஒடுக்கமடைந்து பென்சைல் ஆல்கஹாலாகும், இன்னொன்று ஆக்சிஜனேற்றமடைந்து சோடியம் பென்சோயேட்டாகும். இனிமேல் பெயர் வினை ஒன்றை எழுதினால் அதோடு குழம்பக்கூடிய இன்னொன்றையும் பக்கத்தில் எழுது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று குண்டம் திருவிழா அழைப்பு, சொந்தக்காரர்கள் என்று ஒரு நாள் போய்விட்டது. அழுகிற குரலில் போன் வந்தது, "ரெண்டு பாடம் சேர்த்துப் படிச்சுக்கட்டுங்களா?" என்று.

வேண்டாம் கண்ணு. விட்டுப்போன நாளை அடுத்த நாளில் திணித்தால் இரண்டும் பாதியாகத்தான் போகும். இன்று திரும்பவேண்டிய கேள்விகளை முடித்துவிடு, புதுப் பாடத்தை ஒரு நாள் தள்ளு. இரண்டாம் வாரத்தில் புதுப் பாடத்துக்கு முக்கால் மணி, மூன்று திரும்புதல்களுக்கு முக்கால் மணி. ரொம்ப நெருக்கினால் அன்றாட வாழ்வில் வேதியியலை மெலிதாக்கிக்கொள்ளலாம், திரும்புதலில் கைவைக்காதே.

மின் வேதியியல் மட்டும் இந்த முறைக்கு வராது. புரியாததை நினைவிலிருந்து எழுத முடியாது, வெறும் பக்கத்திலிருந்து கேள்வியும் எடுக்க முடியாது. மாலை நான்கு மணிக்கு வா, நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை முதலிலிருந்து நடத்துகிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

முதல் முழுத்தாள். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதில் ஆறு, ஐந்து மதிப்பெண் ஐந்து. 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும் கட்டாயம், மற்றதைப் போல் தள்ளிவிட முடியாது. அம்மணி அவற்றைக் கடைசிக்கு வைத்திருந்தாள், 33ஐத் தொடும்போது மணி அடித்துவிட்டது. அது ஒரு pH கணக்கு, அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நாளை தாள் எழுத வேண்டாம். போன மதிப்பெண்களை மூன்றாகப் பிரி: தெரியாமல் போனது, தெரிந்தும் சறுக்கியது, நேரம் இல்லாமல் விட்டது. முதல் வகைக்கு மட்டும் நோட்டைத் திற. இரண்டாம் வகை சிவப்பு நோட்டுக்குப் போகட்டும். மூன்றாம் வகைக்குப் படிப்பு மருந்தில்லை, ஒரு மதிப்பெண் முடிந்ததும் 24, 33 இரண்டையும் எழுதிவிட்டு மற்றதற்குப் போ. 24ஆம் தேதித் தாளில் அப்படிச் செய்து பார்ப்போம், 26இல் இன்னொன்று. 28ஆம் தேதி சிவப்பு நோட்டில் அடிபடாமல் மிஞ்சிய கேள்விகள் மட்டும், அதுவும் மத்தியானத்துக்குள்.