250 கிராம் சோறும் 250 கிராம் அரிசியும்: சக்திக் கணக்கில் நான் விட்ட பிழை

உயர்தரத்தில் மனைப்பொருளியல் படித்தபோது, வீட்டில் ஒருவரின் ஒரு நாள் உணவை நிறுத்து, அதன் சக்தியைக் கணக்கிட்டு எழுதும்படி மிஸ் ஒரு ஒப்படை தந்தார். நான் அம்மாவை எடுத்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் எங்கள் சின்னச் சமையலறையில், புறக்கோட்டையில் வாங்கிய தராசை மேசையில் வைத்து, அம்மா சாப்பிட உட்காருமுன் ஒவ்வொன்றாக நிறுத்தேன். கணக்கு முடிந்ததும், "அம்மா, நீங்கள் மதியம் மட்டும் 1200 கிலோகலோரி சாப்பிடுறீங்கள், சோற்றைப் பாதியாகக் குறைக்க வேணும்" என்று சொன்னேன். அம்மாவும் நம்பி ஒரு கிழமை குறைத்தார். பின்னேரம் நாலு மணிக்கே கை நடுங்குகிறது, பசிக்கிறது என்றபோதுதான் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிழை அம்மாவின் பீங்கானில் இல்லை, என் தாளில் இருந்தது.

முதலில் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி தேவை என்று பார்ப்போம். அடிப்படை அனுசேபம் என்பது, ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், சுவாசம், மூளை, உடல் வெப்பம் எல்லாவற்றுக்கும் செலவாகும் சக்தி. 30 முதல் 60 வயது வரையுள்ள பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் பயன்படுத்தும் சூத்திரம் இது:

8.126 × நிறை (கிலோகிராம்) + 845.6

அம்மாவுக்கு 45 வயது, நிறை 55 கிலோ. 8.126 × 55 = 447. அதோடு 845.6 ஐக் கூட்டினால் ஏறத்தாழ 1290 கிலோகலோரி. இதை உடல் உழைப்புக்கான எண்ணால் பெருக்க வேண்டும். வீட்டு வேலையும் கடைக்கு நடந்துபோவதும் தான் அம்மாவின் உழைப்பு. இப்படி இலகுவான வாழ்க்கைக்கு அந்த எண் 1.40 க்கும் 1.69 க்கும் இடையில் வரும். நான் 1.55 எடுத்தேன். ஆக நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி. பரீட்சையில் பலர் 1290 இலேயே நிறுத்திவிட்டு அதையே நாளாந்தத் தேவை என்று எழுதுகிறார்கள். அது நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கான அளவு. இன்னொன்று, வயதெல்லை மாறினால் சூத்திரமும் மாறும். உங்கள் 17 வயதுத் தங்கைக்கு இதைப் போடக்கூடாது. அவளுக்கு வளர்ச்சிக்கான சக்தியும் சேர வேண்டும்.

சரி, இனி மதியச் சாப்பாடு. சோறு 250 கிராம், பருப்பு, சூரை மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். உணவு உள்ளடக்க அட்டவணையில் அரிசி என்ற வரியைத் தேடினேன். 100 கிராமுக்கு 360 கிலோகலோரி என்று இருந்தது. 250 கிராமுக்கு 900 என்று எழுதினேன். அங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. அந்த வரி சமைக்காத அரிசிக்கு உரியது. நான் நிறுத்தது சோறு. அரிசி வேகும்போது தண்ணீரைக் குடித்து ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். தண்ணீருக்குச் சக்தி கிடையாது. அதனால் 100 கிராம் சோற்றில் 130 கிலோகலோரி அளவுதான் இருக்கும். அம்மாவின் 250 கிராம் சோறு உண்மையில் 325 கிலோகலோரி. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. 250 கிராம் சோற்றுக்குச் சுமார் 90 கிராம் அரிசி போயிருக்கும், 90 கிராம் அரிசிக்கு 324. இரண்டு பக்கமும் ஒத்து வந்தால் நிம்மதியாக மேலே போகலாம்.

இந்தப் பிழையைத் தாளில் கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரின் ஒரு வேளைச் சோறு மட்டும் 700, 800 என்று வந்தால், அரிசி வரியைப் பார்த்துச் சோற்றைப் பெருக்கியிருக்கிறீர்கள். அதனால் அட்டவணை வரையும்போதே "நிறுத்த நிலை" என்று ஒரு நிரல் போட்டு, பச்சையா, சமைத்ததா என்று எழுதிவிடுங்கள். பருப்புக்கும் இதே கதைதான். நான் பருப்பைப் பச்சையாக நிறுத்து, அம்மாவின் பங்கு 25 கிராம் என்று எடுத்தேன்.

அப்புறம் மாபோசணைகள். காபோவைதரேற்று 1 கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 கிலோகலோரி. புரதத்தைக் கலோரிமானியில் எரித்தால் 5.65 வரும், உடலில் ஏன் 4 மட்டும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். புரதத்திலுள்ள நைதரசனை உடல் முழுதாக எரிப்பதில்லை. யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியே விடுகிறது, அதோடு கொஞ்சம் சக்தியும் போய்விடுகிறது. சமிபாடு அடையாமல் போகும் சிறு பங்கும் இதில் கழிபடும்.

அம்மாவின் பீங்கானைத் திரும்பப் பார்த்தேன். சோறு 325, பருப்பு 85, 60 கிராம் சூரை 62. சம்பலில் 30 கிராம் தேங்காய்ப்பூ இருந்தது. கரண்டியில் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத்தான் தெரியும். ஆனால் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அந்தச் சின்னக் குவியலில் 10 கிராம் கொழுப்பும் 105 கிலோகலோரியும் இருந்தன, அதாவது முழுச் சோற்றின் மூன்றில் ஒரு பங்குச் சக்தி. தாளிக்க ஊற்றிய எண்ணெயில் அவர் பங்கு 5 கிராம், அதற்கு 45. மொத்தம் 620 கிலோகலோரி, நாளாந்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் பெரும்பாலும் மறப்பது இந்த எண்ணெயைத்தான், கண்ணுக்குத் தெரியாதே. தேங்காய்ப்பால் விட்ட கறி என்றால் இன்னும் கஷ்டம். எவ்வளவு கொழுப்பு பாலில் இறங்கியது, எவ்வளவு சக்கையில் நின்றது என்று வீட்டில் அளக்க முடியாது. முழுத் தேங்காய்ப்பூவின் கணக்கைப் போட்டு, இது உச்ச அளவு என்று குறிப்பு எழுதிவிடுவது நேர்மை.

பங்கு பிரித்துப் பார்த்தேன். காபோவைதரேற்று 89 கிராம், புரதம் 27, கொழுப்பு 17. சக்தியில் அது 57%, 17%, 25% அளவில் வருகிறது. காபோவைதரேற்று 55 முதல் 75%, கொழுப்பு 15 முதல் 30%, புரதம் 10 முதல் 15% என்பதே வழக்கமான வழிகாட்டல். மீன் இருந்ததால் புரதம் சற்று மேலே போனது. இந்த வீதங்களை முழு நாளுக்கும் பார்க்க வேண்டும், ஒரு வேளையை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. என் பிழையான கணக்கிலோ காபோவைதரேற்று 73% ஆக நின்றது. அதை வைத்துத்தான் அம்மாவின் சோற்றில் கை வைத்தேன்.

திருத்திய தாளை மிஸ்ஸிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "சக்தி சரி. இது சமநிலை உணவா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் பீங்கானில் ஒரு இலைக்கறியும் இல்லை, பழமும் இல்லை என்பது உறைத்தது. அதோடு அம்மா சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீ குடிப்பார். தேயிலையிலுள்ள தனின், பருப்பிலும் இலையிலும் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அதைக் கூட்டும்.

மறுநாள் சோற்றை முன்பிருந்த அளவுக்கே கொண்டுவந்தோம். தேங்காய்ச் சம்பலில் பாதிக்குப் பதிலாக, தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பல் வந்தது. பிளேன்டீ நாலு மணிக்குத் தள்ளிப்போனது. தராசில் மறுபடி நிறுத்துக் கூட்டினேன். மொத்தச் சக்தியில் 40 கிலோகலோரி கூட மாறவில்லை.