சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் ஒரு ராத்திரி

2025 சித்ரா பௌர்ணமிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போயிருந்தேன். தீபத்துக்கு அடுத்தபடியாக ஜனம் குவிவது அன்றைக்குத்தான். பௌர்ணமி திதி ஞாயிறு இரவு 8 மணி வாக்கில் தொடங்கி திங்கள் இரவு 10 மணியைத் தாண்டி முடிந்தது. இந்த நேரக் கணக்கைப் பார்க்காமல் அறை தேடக்கூடாது என்பது போன பிறகுதான் புரிந்தது.

முதலில் பேருந்து நிலையம் பக்கம் ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். சாதாரண நாளில் 1200 ரூபாய்க்கு நாங்கள் தங்கிய அதே அறைக்கு ஞாயிறு ராத்திரி மட்டும் 4500 கேட்டார்கள், அதுவும் காலை 9 மணிக்கே காலி செய்துவிட வேண்டுமாம். திங்கள் ராத்திரிக்கு எவ்வளவு என்று கேட்டேன், 2000 என்றார்கள். ஞாயிறு விடுமுறை, திதியும் அன்று இரவே ஆரம்பம், அதனால் பெரும்பாலானவர்கள் ராத்திரி முழுக்க நடந்துவிட்டுத் திங்கள் காலையிலேயே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். திங்கள் இரவும் திதி இருக்கிறதுதான், ஆனால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதற்காகத் தங்குவதில்லை. அம்மாவுக்குத் தெரிந்தவர் மூலமாகச் சன்னதித் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு அக்கா வீட்டு முன்னறை 1500 ரூபாய்க்குக் கிடைத்தது, அண்ணாமலையார் புண்ணியம்.

நாங்கள் போனபோது அக்கா பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அறைக்கு ஆள் வருவதைவிட குளிக்க மட்டும் வருகிறவர்கள்தான் அதிகம், ஒரு ஆளுக்கு 50 ரூபாய். விடியற்காலை நடந்து முடித்து வருகிறவர்கள் வரிசையாக வருவார்கள், டேங்க் 5 மணிக்கே காலியாகிவிடும், அதற்காகத்தான் இந்த டிரம்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார். அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். மாடியில் பல வருஷம் குடியிருந்த குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் அதை நாள் வாடகைக்கு விடுகிறாராம். "மாசாமாசம் வர்ற வாடகை நாலு பௌர்ணமிக்கு முன்னாடி அவங்களுக்குப் பெருசில்லம்மா, அடுத்தது நாங்கதான்"னு சொன்னார். முன்னறையை விட்டு வரும் காசு உயர்ந்த வாடகையைக் கட்டவே சரியாகப் போகிறதாம். 1500ஐ இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன், அதற்கு மேல் வாய் வரவில்லை.

அப்புறம் இரவு எட்டரைக்கு ராஜகோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம். மொத்தம் 14 கிலோமீட்டர், வெறுங்கால். சித்திரை வெயில் பட்ட தார்ச்சாலை அந்த நேரத்திலும் கதகதவென்று இருந்தது, அம்மா ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி நடந்தார். அக்னி லிங்கம் தாண்டினதும் கூட்டம் கொஞ்சம் விரிகிறது, நிருதி லிங்கம் பக்கம் போனால் மலை முழுசாகத் தெரிகிறது, நிலா வெளிச்சத்தில் கருத்த உருவமாக. வழியெல்லாம் கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே தெலுங்கு எழுத்து, ஆந்திரா தெலங்கானாவிலிருந்து அவ்வளவு பேர் வருகிறார்கள். ஆதி அண்ணாமலை கோயிலில் உட்கார்ந்து கால் நீட்டினோம். பக்கத்தில் ஒரு தெலுங்குப் பாட்டி மலையைப் பார்த்து "அருணாச்சலா, அருணாச்சலா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், அம்மாவும் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

குபேர லிங்கத்தில்தான் நெரிசல். மற்ற லிங்கங்களில் நடந்தபடியே கும்பிட்டுப் போகிறவர்கள்கூட இங்கே நின்றுவிடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். வயதானவர்களோடு போனால் தயவுசெய்து அங்கே உள்ளே போக முயலாதீர்கள், சாலையின் மறு ஓரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஈசான்ய லிங்கத்தை அடையும்போது மணி இரண்டரை.

வீட்டுக்கு வந்தால் அக்கா தூங்கவே இல்லை. வாசலில் துண்டும் பையுமாக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்களுக்கென்று ஒரு வாளி வெந்நீர் தனியாக எடுத்து வைத்திருந்தார், அம்மா காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

திங்கள் ராத்திரியும் அங்கேயே தங்கினோம், அக்கா 700 ரூபாய்தான் வாங்கினார். ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பினார். பௌர்ணமியன்று முதல் ராத்திரி நடந்து பல வருஷம் ஆகிறது, கூட்டம் வடிந்த பிறகு இப்படிப் போய் வருவதுதான் வழக்கம் என்றார். போகும்போது டேங்கில் மோட்டார் போட மறந்துடாதீங்க என்று சொல்லிவிட்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தார்.