காது மடலிலிருந்து அடுக்களை வரை

ஜனவரி 3, செம்பூர்

மூன்று இரவுகளாகக் காலண்டரின் பின்பக்கத்தில் நேரம் குறித்து வருகிறேன். விளக்கணைப்பது 8.30. மகள் கண்ணயர்வது 9.50, 9.35, 10.00. அதுவரை நான் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், அவள் கை என் இடது காது மடலைப் பிடித்திருக்க வேண்டும். கம்மலைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைக்காமல் படுத்தால் அவளே ஞாபகப்படுத்துகிறாள். வயது 2 வருடம் 4 மாதம்.

பிறகு 12 மணிக்கு ஒரு முறை, ஒன்றரைக்கு ஒரு முறை, நான்கு மணிக்கு ஒரு முறை விழித்துக் காதைத் தேடுகிறாள். யாருமே இரவு முழுக்க ஒரே தூக்கம் தூங்குவதில்லை. தூக்கத்தின் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் எல்லோரும் லேசாக மேலே வந்து போகிறோம். தூங்கும்போது என்னவெல்லாம் இருந்ததோ அவை அப்படியே இருந்தால் குழந்தை மறுபடி உள்ளே போய்விடும். காதைப் பிடித்தபடி தூங்கியவள் விழிக்கும்போது காது இல்லையென்றால் அழத்தானே செய்வாள்? ஆக, சரிசெய்ய வேண்டியது நடு இரவை அல்ல, அவள் தூங்கிப்போகும் அந்த நிமிடத்தை.

அடுத்த மாதம் எனக்கு மருத்துவமனையில் இரவுப் பணி தொடங்குகிறது. அவள் அப்பாவின் காது செல்லாது என்று ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

ஜனவரி 4

முதல் வேலையாகப் படுக்கும் நேரத்தை 9.30க்குத் தள்ளிவிட்டேன். தூக்கமே வராத குழந்தையை எட்டரைக்குப் படுக்கவைத்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினால், படுக்கை என்றாலே சண்டை என்றுதான் அவள் மனதில் பதியும். எப்போது தூங்கினாலும் காலையில் 7 மணிக்கு எழுப்பிவிட வேண்டும். பகல் தூக்கம் மூன்று மணியைத் தாண்டக் கூடாது.

“ஒன்பதரை வரை பிள்ளையை முழிக்கவைக்கிறதா?” என்றார் அத்தை. இப்போதும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள் அத்தை, நாம்தான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருக்கிறோம் என்றேன். பதில் பிடிக்கவில்லை அவருக்கு.

ஜனவரி 7

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். முதலில் காது. நான் பக்கத்தில் படுப்பேன், முதுகில் கை வைப்பேன், காது மட்டும் கிடையாது. நேற்று முன்தினம் 25 நிமிடம் அழுதாள். நானும் எழுந்து போகவில்லை. அந்த அழுகையை என் மேல் கை போட்டுக்கொண்டுதான் அழுதாள். நேற்று 15 நிமிடம்.

இன்று இருட்டில் அவள் கை என் கன்னம் வரை வந்து நின்றது. பிறகு திரும்பிப் போய், தடவித் தடவித் தன் சொந்தக் காதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. என் ஏற்பாட்டில் இது இல்லவே இல்லை.

ஜனவரி 11

படுப்பதிலிருந்து உட்காருவதற்கு மாறியிருக்கிறேன். அவளுக்குத் தரையில் தனி மெத்தை, அதை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முதல் இரவு வயிற்றில் கை வைத்திருந்தேன், மறு இரவு கையை எடுத்துவிட்டேன்.

9.30க்கு எப்படித் தூங்கினாளோ, நடு இரவிலும் அப்படியேதான் தூங்க வேண்டும் என்பது விதி. நேற்று 2 மணிக்கு அதை நானே உடைத்தேன். ஐம்பது நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு, கழுத்து வலி தாங்காமல் பக்கத்தில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனேன். இன்று படுக்கும்போதே விடாமல் “அம்மா படு, அம்மா படு” என்று 40 நிமிடம். ஐம்பது நிமிடம் அழுதால் அம்மா படுப்பாள் என்று நேற்றுக் கற்றுக்கொடுத்தது நான்தானே. முதல் ஐந்து நிமிடத்திலேயே படுத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

ஜனவரி 15

பொங்கல். முலுண்டிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. அவர்களை வழியனுப்பப் போனபோது மாலை ஐந்தரைக்கு ஆட்டோவில் தூங்கிவிட்டாள். இரவு பதினொன்றரை வரை வீட்டைச் சுற்றி ஓட்டம். ஸ்டூல் எடுபடவில்லை. வயிற்றில் கை வைத்துத் தூங்கவைத்தேன். ஒரு படிதான் பின்னால் வந்தேன், காதுக்குப் போகவில்லை.

ஜனவரி 19

ஸ்டூல் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறது. மூன்று இரவுக்கு ஒரு முறைதான் நகர்த்துகிறேன். முதல் இரவில் எழுந்து வந்து மடியில் ஏறினாள். தூக்கிப் படுக்கவைத்து “தூங்கும் நேரம், அம்மா இங்கேதான் இருக்கிறேன்” என்று அதே வாக்கியத்தைச் சொன்னேன். வேறு பேச்சில்லை, கதையில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. எரிந்து விழுந்தாலும் அது அவளுக்குப் பேச்சுத்துணைதான். முதல் இரவு 11 முறை வந்தாள். மறுநாள் 4. இன்று எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானே படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 23

இரண்டு நாளாகக் காய்ச்சல். பக்கத்தில் படுத்துக்கொண்டேன், காதையும் கொடுத்தேன். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு ஸ்டூல்.

ஜனவரி 28

ஸ்டூல் அறை வாசலுக்கு வந்துவிட்டது. இனி நான் கண்ணிலிருந்து மறைய வேண்டும்; எனக்கு நடுக்கமாக இருந்தது இந்தக் கட்டம்தான்.

முன்பெல்லாம் அவள் தூங்கியதும் பூனை நடை நடந்து நழுவுவேன். அதனால்தான் அவள் அரைத் தூக்கத்திலேயே காவல் காத்தாள் என்று இப்போது புரிகிறது. இப்போது சொல்லிவிட்டுப் போகிறேன். “தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.” பத்து விநாடியில் திரும்பிவிடுவேன். அவள் அழத் தொடங்குவதற்கு முன் வந்துவிட வேண்டும். அழுத பிறகு வந்தால், வரவழைத்தது அழுகை என்று கணக்காகிவிடும். அடுத்த முறை அரை நிமிடம், பிறகு ஒரு நிமிடம், இன்று ஐந்து. தூங்கிவிட்டதுபோல் தெரிந்தாலும் சொன்னபடி வந்து நிற்கிறேன். இன்று மூன்றாவது முறை வந்தபோது கண் மூடியிருந்தது. சும்மா நின்றேன். “தண்ணி குடிச்சாச்சா?” என்றது இருட்டு.

பிப்ரவரி 2

நேற்றும் இன்றும் அடுக்களையில் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள், 20 நிமிடத்துக்குள். பாத்திரச் சத்தம் கேட்பதே அவளுக்குப் போதும்போலிருக்கிறது.

எங்களுடையது ஒரே படுக்கையறை. பிறகு நாங்களும் அதே அறையில்தான் படுக்கிறோம். தனி அறை என் நோக்கமும் இல்லை. நேற்று 3.40க்கு அவள் அசையும் சத்தம் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஏதோ முனகினாள், காதைத் தேடினாள், தன்னுடையதைப் பிடித்தாள், திரும்பிப் படுத்தாள்.

நாளையிலிருந்து படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவரலாம். இரண்டு மூன்று இரவு தாங்கினால் இன்னொரு 15.

பிப்ரவரி 8

ஒத்திகையாக நான் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு, அதே வாக்கியத்தில் அம்மாவுக்குப் பதில் அப்பா என்று மாற்றிச் சொன்னார். 35 நிமிடம். ஆள் மாறினால் ஒரு படி பின்னால் தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அப்படியேதான் ஆனது.

இன்று மதியம் சீக்கிரம் வீடு திரும்பினேன். பகல் தூக்கம் எப்போதும் அத்தையின் பொறுப்பு. கூடத்தில் பாயில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் மூக்குத்தி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. கம்மல் மட்டும் கழற்றித் தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. மகளின் கை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அத்தை ஒரு கண்ணைத் திறந்து, “பகலில் கணக்கில்லை, போ” என்றார்.

போய்விட்டேன்.