மூன்று இடங்களில் பிரிந்து கிடந்த ஒரே ஃபங்ஷன்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்த பிறகு, ஒவ்வொரு விசைப்படகுக்கும் விற்பனை, முன்பணம், ஐஸ் செலவு ஆகியவற்றைக் கழித்துக் கூட்டி மாதக் கணக்கு போட்டுக் கொடுக்கும் பைத்தான் நிரல் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். 210 படகுகள், மாதத்துக்குச் சுமார் 11,000 பதிவுகள் என்ற அளவில் அந்தக் கணக்கு முடிய 41 வினாடிகள் ஆயின. கணக்கு எழுதுபவர் ஒரு பதிவைத் திருத்தும்போதெல்லாம் அந்த 41 வினாடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க, முதன்முறையாக ஃப்ளேம் கிராஃப் எடுத்துப் பார்த்தேன்.

```
py-spy record -o before.svg -- python settle.py
```

இந்தக் கட்டளை, நிரல் ஓடும்போது வினாடிக்கு 100 முறை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது, அதை அழைத்தது எது, அதற்கும் மேலே அழைத்தது எது என்ற முழு அடுக்கையும் குறித்துக்கொள்கிறது. இப்படி ஒருமுறை குறித்துக்கொள்வது ஒரு சாம்பிள். ஒரே மாதிரியான அடுக்குகளை ஒன்றுசேர்த்து வரைந்தால் கிடைப்பதுதான் ஃப்ளேம் கிராஃப். பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கிய மூல வடிவத்தில் அடுக்குகள் தீ நாக்குகள் போல மேல்நோக்கி எழும். `py-spy` தரும் படத்தில் `all` என்ற பட்டை உச்சியில் இருக்க, மற்றவை கீழ்நோக்கித் தொங்கும். எந்தத் திசையில் வரைந்தாலும், பட்டையின் அகலம் அந்த ஃபங்ஷன் எத்தனை சாம்பிள்களில் தென்பட்டது என்பதையே காட்டுகிறது. இடமிருந்து வலமாக இருப்பது நேர வரிசை அன்று. பெயர்களின் அகர வரிசையே. இது தெரியாமல், இடது ஓரத்தில் இருப்பது முதலில் ஓடியது என்று நினைத்து நான் சிறிது நேரம் குழம்பினேன்.

அதைவிடப் பெரிய தவறு, ஆழத்தைக் கண்டு மயங்கியது. படத்தின் ஒரு பகுதியில் ஜின்ஜா வார்ப்புருவை நிரப்பும் ஃபங்ஷன்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறத்தாழ இருபது அடுக்குகளாகத் தொங்கின. கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. அந்த வார்ப்புருவை ஒரு மாலை முழுவதும் எளிமைப்படுத்திய பிறகும் காத்திருக்கும் நேரம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாற்றங்களைப் பழையபடி ஆக்கிவிட்டு, மறுநாள் அந்த அடுக்கின் மேல் சுட்டியை வைத்துப் பார்த்தேன். 333 சாம்பிள்கள், அதாவது 9% என்று இருந்தது. அழைப்புகள் எத்தனை ஆழம் சென்றன என்பதற்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதற்கும் தொடர்பே இல்லை.

அலுவலகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அகலமா இருக்குறதெல்லாம் இருக்கட்டும், தனக்குக் கீழே ஒண்ணும் இல்லாம நிக்கிறது எது?"

அந்தக் கேள்விதான் எனக்குப் படத்தைப் படிக்கக் கற்றுத்தந்தது. `build_report` என்ற பட்டை 98% அகலம் இருந்தது; ஆனால் அதன் அடிப்பக்கம் முழுவதையும் அது அழைத்த பிற ஃபங்ஷன்களின் பட்டைகள் மூடியிருந்தன. ஆகவே அது தானாகச் செய்த வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. `share_lines` என்பது 24% அகலம். அதன் கீழே `to_date` 22% அகலத்துக்கு நின்றது. மூடப்படாமல் மிஞ்சிய 2% மட்டுமே `share_lines`-இன் சொந்த நேரம். இப்படி ஒவ்வொரு பட்டையிலும் கீழே இருப்பவற்றைக் கழித்துக்கொண்டே இறங்கினால், நேரம் உண்மையில் எங்கே செலவாகிறது என்பது புலப்படும். சி மொழியில் எழுதப்பட்ட ஃபங்ஷன்கள் `--native` என்று கேட்டாலொழிய இந்தப் படத்தில் வருவதில்லை. அவற்றின் நேரம், அவற்றை அழைத்த பைத்தான் ஃபங்ஷனின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

`to_date`-க்குக் கீழே இறங்கியபோது, `_strptime.py` என்ற பைத்தான் நூலகக் கோப்பின் பட்டைகள் சீப்பின் பற்கள் போல மெலிந்து மெலிந்து நின்றன. தனியாக எதுவும் அகலமாக இல்லை. இதற்குக் காரணம், `py-spy` இயல்பாக வரி எண் வாரியாகப் பட்டைகளைப் பிரிப்பதுதான்: ஒரே ஃபங்ஷனின் பத்து வரிகள் பத்துப் பட்டைகளாகிவிடுகின்றன. `--function` என்று சேர்த்து மீண்டும் எடுத்தபோது, அந்தப் பற்கள் எல்லாம் ஒன்றுகூடி `_strptime` என்ற ஒரே அகலமான பட்டையாயின. தேதி எழுதப்பட்ட சரத்தைத் தேதியாக மாற்றும் வேலை அங்கேதான் நடக்கிறது.

அப்போதும் 22% என்பது 41 வினாடிகளுக்கு விளக்கமாகவில்லை. மீதியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், வேறு இரண்டு அடுக்குகளின் கீழும் `to_date` இருப்பதைக் கவனித்தேன். அழைத்தவர் வேறு என்பதால் ஃப்ளேம் கிராஃப் அவற்றைத் தனித்தனியாகவே வரைகிறது. படத்தின் மேல் மூலையில் உள்ள தேடலில் `to_date` என்று கொடுத்ததும் மூன்று இடங்களும் ஒரே நிறத்தில் மின்னின. கீழே `Matched: 61%` என்று வந்தது. `share_lines`-இன் கீழ் 814 சாம்பிள்கள், `advance_lines`-இன் கீழ் 740, `ice_lines`-இன் கீழ் 703, மொத்தம் 2,257. வினாடிக்கு 100 சாம்பிள் என்பதால், இது ஏறத்தாழ 22.6 வினாடிகள்.

`_strptime` நான் எழுதியது அன்று. அதில் கைவைக்க முடியாது. ஆகவே அடுக்கில் மேல்நோக்கி ஏறி, அழைத்தவரைப் பார்த்தேன். வரி எண்ணுடன் இருந்த முதல் படம் இங்கே உதவியது: அது சுட்டிய வரி இது.

```python
if to_date(r["date"]) >= start and r["boat"] == boat:
```

ஒவ்வொரு படகுக்கும் எல்லாப் பதிவுகளையும் சுற்றிவரும் லூப்பின் உள்ளே இந்த வரி இருந்தது. மூன்று ஃபங்ஷன்களையும் சேர்த்தால் 210 படகுகள், 11,000 பதிவுகள். அதாவது 23 லட்சம் முறைக்கு மேல் தேதி மாற்றம் நடந்திருக்கிறது. பதிவு வேறு படகுடையதாக இருந்தாலும் தேதியை மாற்றிப் பார்த்த பிறகே அதைத் தள்ளியிருக்கிறது. நிபந்தனைகளின் வரிசையை மூன்று இடங்களிலும் மாற்றினேன்.

```python
if r["boat"] == boat and to_date(r["date"]) >= start:
```

முதல் நிபந்தனை பொய்யானால் பைத்தான் இரண்டாவதைத் தொடுவதில்லை. ஒரு பதிவு ஒரு படகுக்கே உரியது என்பதால், இப்போது மொத்தமே 11,000 அழைப்புகள்தாம். கணக்கு 18 வினாடிகளில் முடிந்தது.

மறுபடி எடுத்த படத்தில் ஜின்ஜா பட்டை 23% அகலத்துக்கு விரிந்திருந்ததைக் கண்டு ஒரு கணம் திகைத்தேன். சுட்டியை வைத்துப் பார்த்தபோது அதே 333 சாம்பிள்கள்தாம். மொத்தம் சுருங்கியதால் அதன் பங்கு பெருத்துத் தெரிகிறது. அன்றிலிருந்து முன்பின் படங்களை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காமல் சாம்பிள் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

அப்படி எண்ணும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 41 வினாடிகளுக்கு 4,100 சாம்பிள்கள் இருந்திருக்க வேண்டும். முதல் படத்தின் `all` பட்டையில் இருந்தவை 3,700 மட்டுமே. காத்திருக்கும் நேரத்தை `py-spy` இயல்பாக விட்டுவிடுகிறது. `--idle` என்று சேர்த்து எடுத்தபோது, அந்த 400 சாம்பிள்களும் டேட்டாபேஸிடம் பதிவுகளைக் கேட்கும் `execute` வரியின் கீழ் வந்து நின்றன. 18 வினாடிகளில் 4 வினாடிகள் அங்கே போகின்றன. அடுத்து நான் திருத்த எடுத்திருப்பது அந்த டேட்டாபேஸ் கேள்வியைத்தான்.