ரெஸ்யூமேல இருந்த அந்த ஒரு வருஷம்

டிகிரி முடிச்ச மாசத்துக்கு கீழ பேனாவை வெச்சு அந்த மேடம், "இதுக்கப்புறம் ஒரு வருஷம் என்னங்க பண்ணீங்க?"ன்னாங்க.

இன்னைக்கு, அஞ்சு ரோடு பக்கத்துல, அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ.

போன மாசம் வேற இடத்துல இதுக்கு "எக்ஸாமுக்கு படிச்சேன்"னு மட்டும் சொன்னேன், பேச்சே அதோட நின்னு போச்சு.

இந்த தடவை நோட்டை எடுத்து நீட்டினேன். வங்கி கிளர்க் பிரிலிம்ஸ்ல 100 கேள்வி, 60 நிமிஷம், பகுதிக்கு 20 நிமிஷம்தான். கணக்குல 35-க்கு 14 எடுத்துட்டு இருந்தேன். அப்புறம் ஒவ்வொரு மாக் டெஸ்ட் முடிஞ்சும் தப்பான கேள்வியை எல்லாம் தெரியாதது, நேரம் போனது, எண்ணை தப்பா படிச்சதுன்னு மூணா பிரிச்சு எழுதினேன், பார்த்தா மூணாவதுதான் ரொம்ப அதிகம். அதை சரி பண்ணப் பண்ண 26 வரைக்கும் வந்தேன். பிரிலிம்ஸ் பாஸ், மெயின்ஸ் போயிடுச்சு. அதையும் மறைக்காம சொன்னேன்.

மேடம் பக்கத்தை திருப்பிக்கிட்டே, "மறுபடி எக்ஸாம் வந்தா போயிடுவீங்களா?"ன்னாங்க. உண்மையில அவங்க பயமே இதுதாங்க. "முழுநேரமா படிக்கிறதை நிறுத்திட்டேன், இப்போ எந்த அப்ளிகேஷனும் பாக்கி இல்ல மேடம்"னேன்.

வீட்ல அம்மாகிட்ட யாராவது கேட்டா "சும்மாதான் இருக்கான்"னு சொல்லிடுறாங்க, நானே அப்படி சொல்லித்தான் அவங்களுக்கு பழக்கம்.

ராத்திரி அந்த நோட்டை அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு தேதி தேதியா படிச்சாங்க.