எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும் ஒன்றரைப் பக்க சத்தியவாங்மூலமும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. வரப்புத் தகராறில் பக்கத்துத் தோப்புக்காரர் கேஸ் போட்டு, நான் ஆஜராகவில்லை என்று எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவோடு (சிவில் நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13) சத்தியவாங்மூலம், அதாவது அபிடவிட், தர வேண்டும்.

வக்கீல் ஆபீஸில் கொடுத்த வரைவு, "மேற்படி மனுதாரர் சட்டத்தை மதிக்கும் குடிமகன் என்பதையும், அன்னாருக்கு ஈடுசெய்ய இயலாத நட்டம் நேரும் என்பதையும்" என்று பக்கம் பக்கமாகப் போனது. தீர்ப்பு எனக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு மட்டும் "சமீபத்தில்" என்று ஒரே சொல். சம்மன் முறைப்படி சேராதபோது, தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்துதான் 30 நாள் கெடு. அந்தத் தேதியே அதில் இல்லை!

வக்கீலிடம் சொல்லிவிட்டு, தமிழில் நானே எழுதினேன். ஒரு நம்பருக்கு ஒரு சங்கதி, எல்லாம் "நான்" என்று. நடுப்பகுதி இப்படி வந்தது:

2. 2023 மே மாதம் வாதி எனக்குப் போன் செய்து, கேஸ் போடப்போவதாகச் சொன்னார். கேஸ் நம்பரோ வாய்தா தேதியோ சொல்லவில்லை.
3. என் கையில் யாரும் சம்மன் தரவில்லை.
4. 2024 ஜூன் 3 அன்று தோப்புக்கு வந்த கோர்ட் அமீனாவின் நோட்டீசைப் படித்தபோதுதான் தீர்ப்பு வந்தது எனக்குத் தெரிந்தது.
5. பழைய வீட்டுக் கதவில் சம்மன் ஒட்டியிருந்ததைப் பக்கத்து வீட்டு அத்தை 2024 ஜூன் 4 அன்று சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பழைய வரைவில் 2, 3 இரண்டும் சேர்ந்து "வழக்கு குறித்து யாதொரு அறிவும் இல்லை" என்று இருந்தது. பிரித்து எழுதும்போதுதான் அந்தப் போன் இடித்தது. அதை எடுத்துவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "வேண்டாம். வாய்தா தேதி தெரிந்தும் வராமல் இருந்தால்தான், சம்மனில் குறை இருந்தாலும் ரத்து கிடைக்காது. கேஸ் போடுவேன் என்று மிரட்டியது வேறு. மறைத்தால், குறுக்கு விசாரணையில் எதிராளி கேட்பார்," என்றார். அதுவும் சரிதான்.

5 நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் கடைசியில் வரும் உறுதிமொழியில், மற்றவை நானே அறிந்தவை, 5 மட்டும் கேட்டறிந்தது என்று பிரித்துச் சொன்னோம். இடைக்கால மனு என்பதால், யார் சொன்னார் என்று காட்டினால் கேட்டறிந்ததையும் எழுதலாம். ஆனாலும் அத்தையிடம் தனியாக ஒரு சத்தியவாங்மூலம் வாங்கிச் சேர்த்தோம்.

வக்கீல் அதை ஆங்கிலத்தில் டைப் செய்து, தமிழில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். மொத்தம் ஒன்றரைப் பக்கம். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்ததுமே போனைப் பற்றித்தான் கேட்டார். இரண்டாவது பத்தியிலேயே எழுதியிருக்கிறேன் என்றேன். அப்புறம் ஜூன் 3-க்குப் போய்விட்டார்.